தொலைநிலைக் கல்வியில் விவாதக் கேள்விகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைநிலை பி.எட். பாடநெறிகளில் கணிதம் கற்பித்தல் தாளை நடத்தும் கல்வி ஆலோசகர்களை மனத்தில் வைத்து இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் பள்ளிக் கல்வியிலிருந்து வந்தாலும், கேள்வியை அமைக்கும் முறை மற்றத் தாள்களை நடத்துவோருக்கும் பயன்படும்.

ஒவ்வோர் அலகுக்கும் ஒரு விவாதக் கேள்வி போடுகிறேன். முதலில் இரண்டு பேர் எழுதுகிறார்கள், பிறகு வருபவர்கள் எல்லாரும் "நானும் உடன்படுகிறேன்", "அருமையான கருத்து" என்று முடித்துவிடுகிறார்கள். குறை மாணவர்களிடமா, கேள்வியிலா?

பெரும்பாலும் கேள்வியில்தான். "வகுப்பறை மதிப்பீட்டின் முக்கியத்துவம் குறித்து உங்கள் கருத்தைப் பதிவிடுக" என்று கேட்டால், அதற்கான விடை பாடநூலின் அந்த அலகிலேயே நான்கைந்து வரிகளில் இருக்கிறது. முதலில் வருபவர் அதைத் தம் சொற்களில் எழுதிவிடுகிறார். அதற்குப் பிறகு வருபவருக்கு இரண்டே வழிகள் மிஞ்சுகின்றன. அதையே வேறு சொற்களில் திரும்ப எழுத வேண்டும், அல்லது உடன்படுவதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பகலெல்லாம் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குச் செல்பேசியைத் திறக்கும் ஒருவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தால் அதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் அவர் செய்வதற்கு வேறு வேலை எதுவும் வைக்கப்படவில்லை.

ஆகவே கேள்வியை எழுதும்போது நாம் மனத்தில் நிறுத்த வேண்டியவர் முதலில் பதில் எழுதுபவர் அல்லர், ஏழாவதாக வருபவர். ஆறு பேர் எழுதி முடித்த பிறகும் அவர் கையில் சொல்வதற்குத் தமக்கே உரிய ஒன்று இருக்க வேண்டும். அது அவருடைய வகுப்பில் நடந்ததாக இருக்கலாம், அவர் எடுக்க வேண்டிய முடிவாக இருக்கலாம், இன்னொருவர் எழுதியதன்மேல் அவர் செய்ய வேண்டிய வேலையாகவும் இருக்கலாம். இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத கேள்விக்கு எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும் ஒற்றை வரிகளே வந்து சேரும்.

ஒரு பழைய கேள்வியை எடுத்து, அதை எப்படி மாற்றுவது என்று படிப்படியாகக் காட்ட முடியுமா?

பின்னங்கள் அலகில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி இது: "பின்னங்களைக் கூட்டும்போது மாணவர்கள் செய்யும் தவறுகளையும் அவற்றைக் களையும் வழிகளையும் விவாதிக்க." இதற்கு வரும் விடைகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பகுதிகளைத் தனியாகவும் தொகுதிகளைத் தனியாகவும் கூட்டிவிடுகிறார்கள், மீச்சிறு பொது மடங்கு காணும் பயிற்சி போதவில்லை, கற்பித்தல் துணைக்கருவிகளைப் பயன்படுத்த வேண்டும். எல்லாம் சரியானவையே. சரியானவையாக இருப்பதால்தான் அடுத்தவர் உடன்பட்டுவிட்டுப் போகிறார்.

முதலில், "தவறுகள்" என்ற பொதுச் சொல்லை நீக்கிவிட்டு ஒரே ஒரு தவறை, அதை எழுதிய குழந்தையின் விளக்கத்தோடு, கண்முன் வைக்க வேண்டும். மாற்றிய கேள்வி இப்படி அமையலாம்:

"ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறாள். எப்படி வந்தது என்று கேட்டால், 'திங்கட்கிழமைத் தேர்வில் இரண்டு கணக்கில் ஒன்று சரியாகப் போட்டேன், செவ்வாய்க்கிழமைத் தேர்வில் மூன்று கணக்கில் ஒன்று சரியாகப் போட்டேன், மொத்தம் ஐந்து கணக்கில் இரண்டு சரிதானே டீச்சர்?' என்கிறாள். பாடவேளை முடியப் பத்து நிமிடங்கள் இருக்கின்றன. அவளிடம் நீங்கள் அடுத்துக் கேட்கும் ஒரே ஒரு கேள்வி, அல்லது காட்டும் ஒரே ஒரு படம் எது? அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று எதிர்பார்க்கிறீர்கள்? நீங்கள் எந்த வகுப்புக்குக் கற்பிக்கிறீர்கள் என்பதை முதல் வரியில் குறிப்பிடுங்கள்."

இந்த எடுத்துக்காட்டில் ஒரு முடிச்சு இருப்பதைக் கவனியுங்கள். மாணவி சொன்ன நிலைமைக்கு அவளுடைய கணக்கு சரியானதே. ஐந்து கணக்கில் இரண்டைத்தான் அவள் சரியாகப் போட்டிருக்கிறாள். ஆனால் திங்கட்கிழமைப் பின்னத்துக்கு முழுமை இரண்டு கணக்குகள், செவ்வாய்க்கிழமைப் பின்னத்துக்கு முழுமை மூன்று கணக்குகள். பின்னக் கூட்டலில் இரண்டு பின்னங்களும் ஒரே முழுமையின் பாகங்களாக இருக்க வேண்டும் என்ற, பாடநூல் பெரும்பாலும் சொல்லாமலே கடந்துபோகும் நிபந்தனை இங்கே வெளியே வருகிறது. பாடநூலின் வரியைப் பெயர்த்து எழுதி இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. "ஒரே ஒரு கேள்வி" என்ற வரம்பு இருப்பதால், நான்கைந்து உத்திகளைப் பட்டியலிட்டு ஒதுங்கவும் முடியாது.

வரும் பதில்கள் இயல்பாகவே பிரியும். ஒருவர், "2/5 என்பது பாதியைவிடக் கூடுதலா, குறைவா? பாதியோடு எதையோ கூட்டிய பிறகு அது எப்படிப் பாதியைவிடக் குறையும்?" என்று கேட்பார். இன்னொருவர் 12 செ.மீ. நீளமுள்ள காகிதப் பட்டையை எடுத்து, அதில் பாதி 6 செ.மீ., மூன்றில் ஒரு பங்கு 4 செ.மீ., இரண்டும் சேர்ந்து 10 செ.மீ., அதாவது 5/6 என்று காட்டுவார். மூன்றாமவர் பொதுப் பகுதி காணும் முறையை மீண்டும் நடத்துவார். நான்காமவர் அவளுடைய தேர்வுக் கணக்கை ஒப்புக்கொண்டு அதிலிருந்தே தொடங்குவார்.

இனி இரண்டாம் படி. "இருவரின் பதிவுக்கு மறுமொழி எழுதுக" என்று பொதுவாகச் சொல்லாமல், அந்த மறுமொழியின் வேலையையும் குறிப்பிட வேண்டும்: "உங்கள் சக ஆசிரியர் ஒருவரின் கேள்வியை எடுத்துக்கொண்டு, அந்த மாணவி தன் விடையை விட்டுக்கொடுக்காமல் என்ன பதில் சொல்லக்கூடும் என்பதை அவளுடைய குரலில் எழுதுங்கள்."

பாதியைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரு மறுமொழி இப்படி வரலாம்: "பாதியைவிடக் குறைவுதான் டீச்சர். செவ்வாய்க்கிழமை இரண்டு கணக்கு தப்பாப் போயிடுச்சே, அதனாலதான் குறைஞ்சிடுச்சு." இதைப் படிக்கும் முதலாமவர் திகைப்பார், ஏனென்றால் அவருடைய கேள்வி மாணவியை அசைக்கவே இல்லை. அவள் தன் நிலைமைக்குள் முழுக்கப் பொருந்தி நிற்கிறாள். காகிதப் பட்டைக்காரருக்கு, "இது ஒரே பட்டை. என்னோட தேர்வு ரெண்டும் வேற வேற" என்ற பதில் வரலாம். அந்த ஒற்றை வரி, விவாதத்தை அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கே கொண்டுபோய்விடுகிறது. மாணவியாக மாறி எழுத வேண்டியிருப்பதால் "நானும் உடன்படுகிறேன்" என்பதற்கு இங்கே இடமே இல்லை.

மூன்றாம் படி சிறியது. வாரக் கடைசியில் ஒவ்வொருவரும் தம் முதல் பதிவுக்குக் கீழேயே, தாம் கேட்க நினைத்த கேள்வியைத் திருத்தி எழுத வேண்டும். திருத்தத் தேவையில்லை என்று கருதினால், வந்த மறுமொழிகளைத் தாண்டியும் அது ஏன் நிற்கிறது என்று சொல்ல வேண்டும்.

இந்த மூன்றாம் படி உண்மையில் தேவையா? இரண்டு சுற்றோடு நிறுத்தினால் என்ன?

நிறுத்தினால் கருத்துகள் பரந்து கிடக்குமே தவிர, ஒன்றுசேரா. கனடாவின் காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவரும் இணையவழி விவாதம் நகரும் விதத்தைத் தூண்டல், தேடல், ஒருங்கிணைத்தல், தீர்வு என்று நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். 2001இல் அவர்கள் வெளியிட்ட சிறிய அளவிலான ஆய்வில் 42 விழுக்காட்டுப் பதிவுகள் தேடல் கட்டத்தில் இருந்தன, தீர்வை எட்டியவை 4 விழுக்காடு மட்டுமே. அளவு சிறிதாயினும், பிறகு வந்த பல ஆய்வுகளும் விவாதங்கள் தேடலிலேயே தங்கிவிடுவதைக் கண்டன. ஆளுக்கொரு கருத்தை வைப்பது எளிது. வந்தவற்றை வைத்துத் தம் நிலையை மாற்றுவதற்கு யாராவது வெளிப்படையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் படி அதைத்தான் கேட்கிறது.

மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். பதிவுகளை மறைத்து வைக்கலாமா?

முதல் சுற்றுக்கு மறைத்து வைப்பது நல்லது. மூடில் தளத்தில் விவாத மன்றத்தை உருவாக்கும்போது `Q and A forum` என்ற வகையைத் தேர்ந்தால், ஒருவர் தம் பதிவை இட்ட பிறகே பிறர் பதிவுகளைக் காண முடியும். பதிவு இட்ட உடனே அவை திறந்துவிடுவதில்லை. பதிவைத் திருத்துவதற்கான கால அளவு முடிந்த பிறகுதான் திறக்கும், அது இயல்பாக 30 நிமிடங்கள் என்று அமைக்கப்பட்டிருக்கும். இதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் "நான் பதிவிட்டும் எதுவும் தெரியவில்லை" என்ற புகார்கள் அன்றிரவே வரத் தொடங்கும். இந்த வகையில் விவாதக் கேள்வியை ஆசிரியர்தான் முதல் பதிவாக இட வேண்டும், மாணவர்கள் அதற்குப் பதிலாகவே எழுத வேண்டும். மன்றத்தின் அறிமுகக் குறிப்பில் மட்டும் கேள்வியை எழுதிவிட்டு விட்டால் ஒவ்வொருவரும் தனித்தனி இழையைத் தொடங்கிவிடுவார்கள், மறைப்பினால் எந்தப் பயனும் இராது.

மறைப்பதால் நகலெடுப்பது குறையுமே தவிர, சொல்வதற்கு ஒன்று தானாக உண்டாகிவிடாது. பாடநூலில் விடையுள்ள கேள்வியை மறைத்துக் கேட்டால், நாற்பது பேர் தனித்தனியாக ஒரே பத்தியை எழுதியிருப்பதைக் காண்பீர்கள்.

குறைந்தபட்சம் 150 சொற்கள் என்று விதித்தால் சரியாகிவிடாதா?

ஒற்றை வரி ஒரு பத்தியாக நீளும், அவ்வளவுதான். "அன்பிற்குரிய நண்பரே, தங்கள் கருத்து மிகவும் சிந்திக்கத்தக்கது" என்று தொடங்கி, முந்தைய பதிவைச் சுருக்கிச் சொல்லி, வாழ்த்தி முடிப்பார்கள். மாணவியின் குரலில் எழுதும் மறுமொழி இரண்டு வரிதான் இருக்கும். அதை 150 சொற்களுக்கு இழுக்கச் சொன்னால் அதன் கூர்மை போய்விடும். நீளம் குறித்து ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், மேல் வரம்பைச் சொல்லுங்கள். செல்பேசியில் படிப்பவர்கள் நன்றி பாராட்டுவார்கள்.

எங்கள் மாணவர்களில் இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர்களும் இருக்கிறார்கள், நேற்றுச் சேர்ந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். மூத்தவர் எழுதியதை இளையவர்கள் மறுக்கவே மாட்டார்கள். இதை என்ன செய்வது?

அந்தத் தயக்கத்தைக் குறை என்று கருதி அதோடு மல்லுக்கு நிற்பதில் பயன் இல்லை. "ஐயா" என்று அழைத்துப் பழகிய ஒருவரிடம், அதுவும் எழுத்தில், பலர் பார்க்கும்படி "நீங்கள் சொல்வது சரியில்லை" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. "துணிந்து மறுத்து எழுதுங்கள்" என்ற அறிவுரை அவர்களை மேலும் மௌனமாக்கவே செய்யும்.

மறுப்பை ஒருவரின் சொந்தக் கருத்தாக வைக்காமல், அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையாக மாற்றிவிட்டால் சிக்கல் பெரிதும் தீர்ந்துவிடுகிறது. மாணவியின் குரலில் எழுதும் முறையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். மூத்த ஆசிரியரின் கேள்வியை அசைத்துப் பார்ப்பது இளைய ஆசிரியர் அல்லர், ஆறாம் வகுப்புச் சிறுமி. மூத்தவருக்கும் அதில் மனக்குறை இல்லை, வகுப்பறையில் அவர் அன்றாடம் கேட்கும் குரல்தான் அது. யார் யாருக்கு மறுமொழி எழுத வேண்டும் என்பதையும் நீங்களே பட்டியலிட்டு அறிவித்துவிட்டால், "ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார்" என்ற கேள்விக்கும் இடமிராது. பட்டியல் இருந்தால் யாருக்கும் மறுமொழி வராமல் போவதும் தவிர்க்கப்படும். தம் பதிவுக்கு யாருமே பதில் எழுதாத அனுபவம் ஒருவருக்கு இருமுறை நேர்ந்தால், மூன்றாம் முறை அவரிடமிருந்து ஒற்றை வரிதான் வரும்.

கணக்கில் சரி. கல்விக் கொள்கை போன்ற தலைப்புகளில் ஆளுக்கொரு நிலைப்பாடு முன்பே இருக்கிறது. அங்கே எப்படிக் கேட்பது?

நிலைப்பாட்டைக் கேட்காதீர்கள், செயல்படுத்தக் கேளுங்கள். கட்டாயத் தேர்ச்சியை எடுத்துக்கொள்வோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவில், தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் வந்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் ஆண்டிறுதித் தேர்வு நடத்தவும், தேறாதவர்களுக்குக் கூடுதல் பயிற்சி அளித்து, முடிவு வெளியான இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு வைக்கவும், அதிலும் தேறாதவர்களை நிறுத்திவைப்பதா என்பதை அரசுகளே முடிவு செய்யவும் வழி செய்தது. "கட்டாயத் தேர்ச்சியை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?" என்று கேட்டால், நாளிதழ்களில் படித்த வாக்கியங்களே இரண்டு அணிகளாகப் பிரிந்து வந்து நிற்கும்.

மாறாக இப்படிக் கேட்கலாம்: "எட்டாம் வகுப்பில் தமிழைச் சரளமாக வாசிக்க இயலாத ஒரு மாணவர் இருக்கிறார். அந்த இரண்டு மாத வாய்ப்பு உங்கள் பள்ளியில் நடைமுறைக்கு வந்தால், அவருக்கு யார், எந்த நேரத்தில், எதைக் கற்பிப்பார்? உங்கள் பள்ளியின் உண்மையான கால அட்டவணையை வைத்து எழுதுங்கள்." தமிழ்நாட்டில் ஆண்டிறுதித் தேர்வு ஏப்ரலில் முடிந்து பள்ளி ஜூனில் திறப்பதால், அந்த இரண்டு மாதங்களின் பெரும்பகுதி கோடை விடுமுறையில் போய்விடும் என்பதை யாராவது ஒருவர் எழுதுவார். ஈராசிரியர் பள்ளியில் பணிபுரிபவரும் மேல்நிலைப் பள்ளியில் பணிபுரிபவரும் ஒரே விடையை எழுத முடியாது. திருத்தத்தை ஆதரிப்பவரும் தம் பள்ளியில் அதற்கு ஆளில்லை என்று ஒப்புக்கொள்ள நேரும், எதிர்ப்பவரும் தற்போது அந்த மாணவருக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டிவரும்.

நான் எப்போது உள்ளே வந்து எழுத வேண்டும்? எழுதாவிட்டால் ஆசிரியர் கவனிக்கவில்லை என்கிறார்கள்.

முதல் பதிவைப் பாராட்டி உடனே எழுதிவிடாதீர்கள். "மிகச் சிறப்பு" என்று ஆசிரியர் எழுதிய மறுகணமே அந்தப் பதிவு மாதிரி விடையாகிவிடுகிறது, பின்னால் வருபவர்கள் அதை ஒட்டியே எழுதுவார்கள். திங்கட்கிழமை கேள்வி வெளியானால், புதன்வரை தொழில்நுட்பச் சந்தேகங்களுக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு இருங்கள். கவனிக்கிறீர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வியாழனன்று இரண்டு பதிவுகளை எடுத்து எதிரெதிரே வையுங்கள். "இரண்டு பேருமே காகிதப் பட்டையைக் காட்டியிருக்கிறீர்கள். ஒருவர் மாணவி உடனே ஒப்புக்கொள்வாள் என்கிறார், மற்றவர் அவள் தேர்வுக் கணக்கையே பிடித்துக்கொள்வாள் என்கிறார். பட்டையைக் காட்டும் முன் அவளிடம் என்ன சொன்னால் இந்த வேறுபாடு வரும்?" இந்த அளவு போதும். சரியான விடையைச் சொல்லிவிடாமல், அவர்களே எழுதிய இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சுட்டிக்காட்டுகிறீர்கள். ஒரே முழுமை என்ற கருத்தை நீங்கள் வியாழனன்றே எழுதிவிட்டால் விவாதம் அத்தோடு முடிந்தது. ஞாயிறுவரை யாருமே அதைத் தொடாவிட்டால் திங்களன்று சொல்லுங்கள்.

மதிப்பெண் எப்படிப் பிரிப்பது?

மேலே சொன்ன கேள்விக்குப் பத்து மதிப்பெண் என்றால், முதல் பதிவுக்கு மூன்று, மாணவியின் குரலிலான மறுமொழிக்கு நான்கு, திருத்திய பதிவுக்கு மூன்று என்று பிரிக்கலாம். மறுமொழிக்குக் கூடுதலாக வைப்பதற்குக் காரணம் உண்டு. முதல் பதிவுக்கே பெரும்பங்கு என்றால் பலர் அதோடு நின்றுவிடுவார்கள். மறுமொழியில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மாணவி சொல்வது அவளுடைய தர்க்கத்துக்குப் பொருந்துகிறதா, அல்லது ஆசிரியரே சிறுமியின் பெயரில் பேசுகிறாரா? "ஆம் டீச்சர், இப்போது புரிந்துவிட்டது" என்று எழுதப்பட்ட மறுமொழி உடன்பாட்டின் வேறு வடிவமே, அதற்கு மதிப்பெண் தர வேண்டாம்.

எண்பது பேர் இருக்கிறார்கள். எல்லாருடைய பதிவையும் யார் படிப்பது?

யாரும் படிக்க மாட்டார்கள், மாணவர்களும் படிக்க மாட்டார்கள். எட்டு அல்லது பத்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். மூடிலில் `Separate groups` என்று அமைத்தால் ஒரு குழுவினர் தம் குழுவின் பதிவுகளை மட்டுமே காண்பார்கள். ஆனால் `A single simple discussion` என்ற மன்ற வகையில் இந்த அமைப்பு செல்லாது, ஆகவே வகையைத் தேர்வதற்கு முன்பே குழுக்களைப் பற்றி முடிவு செய்யுங்கள். குழுவுக்குள் வெவ்வேறு நிலை ஆசிரியர்களைக் கலந்து வையுங்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் மட்டுமே உள்ள குழுவில் பதில்கள் சீக்கிரமே ஒன்றுபோலாகிவிடும். விவாதங்களின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். அலகுக்கு ஒன்று என்று பன்னிரண்டு நடத்துவதைவிட, மூன்று சுற்றுகளோடு நான்கு நடத்துவது மேல். பெயர்கள், வரையறைகள், சூத்திரங்கள் மட்டுமே உள்ள அலகுக்குச் சிறு வினாடி வினாவே போதும்.

போடுவதற்கு முன்பே கேள்வி தேறுமா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

கேள்வியை எழுதியதும், அதற்கு மூன்று விடைகளை நீங்களே எழுதிப் பாருங்கள். ஒன்றை முதல் வகுப்பு ஆசிரியராகவும், ஒன்றைப் பத்தாம் வகுப்பு ஆசிரியராகவும், ஒன்றைப் பாடநூலை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளி வாசலையே மிதிக்காதவராகவும் எழுதுங்கள். மூன்றும் ஒன்றுபோல வந்தால் கேள்வி பொதுவாக இருக்கிறது. மூன்றாமவரின் விடையே மூன்றில் சிறந்ததாக வந்தால், கேள்வி பாடநூலின் நினைவைத்தான் சோதிக்கிறது. மூன்றும் வேறுபட்டு, ஆனால் ஒன்றோடொன்று பேச முடியாத அளவுக்கு எங்கெங்கோ போயிருந்தால், நிலைமை போதுமான அளவு குறுக்கப்படவில்லை என்று பொருள். அப்போது மாணவியின் விளக்கத்தைப் போல ஒரு பொதுப் பொருளை நடுவில் வைக்க வேண்டும்.

பிறகு, அந்த மூன்றில் ஒரு விடைக்கு மறுமொழியும் எழுதிப் பாருங்கள். பல கேள்விகள் இந்த இடத்தில்தான் தடுக்கும். எழுத எதுவும் வராமல் "நன்று" என்று மட்டும் உங்களுக்கே தோன்றினால், திருத்த வேண்டியது மறுமொழிக்கான அறிவுறுத்தலை.